திரையில் ரூபாய், கணக்கில் டாலர்

அமெரிக்கக் கடை ஒன்றின் இணையதளத்தில் ஒரு முதுகுப் பையின் விலை 100 டாலர். சென்னையிலிருந்து பார்ப்பவருக்கு அதே பக்கத்தில் ₹8,500 என்று தெரிகிறது. அந்த விலைக்கு மனம் ஒப்பி, கிரெடிட் கார்டில் வாங்குகிறார். சில நாள் கழித்துக் கார்டு கணக்கைப் பார்த்தால் ₹8,882 ஏறியிருக்கிறது. கடையும் ஏமாற்றவில்லை, வங்கியும் கணக்கில் தவறவில்லை. அப்படியானால் அந்த 382 ரூபாய் எப்படி வந்தது? அனுப்பும் செலவையும் சுங்க வரியையும் ஒதுக்கிவைத்து, டாலருக்கு 85 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டு இதைப் பார்ப்போம்.

வருகிறவர் எந்த நாட்டுக்காரர் என்பதைக் கடையின் மென்பொருள் அவருடைய ஐபி முகவரியை வைத்து ஊகிக்கிறது. விபிஎன் வழியாக வந்தால் இந்த ஊகம் பிசகும். சென்னையில் இருப்பவருக்கு யூரோவில் விலை தெரியும். நாடு தெரிந்ததும் டாலர் விலையை அன்றைய விகிதத்தால் பெருக்கி ரூபாயாகக் காட்டுகிறது. அந்த விகிதத்தை வெளியிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். சிறிய கடைகள் பலவும் இலவசமாகக் கிடைக்கும் பட்டியல்களை நம்புகின்றன. ஐரோப்பிய மத்திய வங்கி வெளியிடும் பட்டியல் அதில் ஒன்று. அது வேலை நாட்களில் ஒரு முறைதான் வரும். சனி, ஞாயிறுகளில் கடைக்குள் நுழைகிறவர் பார்ப்பது வெள்ளிக்கிழமை விகிதம். தகவலுக்காக மட்டுமே வெளியிடுகிறோம், பணப் பரிமாற்றத்துக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அந்த வங்கியே சொல்கிறது.

ஆக, திரையில் தெரியும் ரூபாய்த் தொகை இரண்டில் ஒன்றாக இருக்கலாம். வெறும் மதிப்பீடாக இருக்கலாம். பணம் கேட்கும்போது கடை டாலரில்தான் கேட்கும். அல்லது கடை உண்மையிலேயே ரூபாயில் வசூலிக்கலாம். பொருளின் பக்கத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். பணம் செலுத்தும் கடைசிப் பக்கத்தில்தான் வித்தியாசம் வெளிப்படும். அங்கே மொத்தத் தொகைக்குப் பக்கத்தில் INR என்று இருக்கிறதா, USD என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெறும் $ குறி போதாது. கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சிங்கப்பூருக்கும் அதே குறிதான். ஓடிபி கேட்கும் பக்கத்திலும் வங்கியின் குறுஞ்செய்தியிலும் எந்த நாணயத்தில் பணம் கேட்கப்படுகிறது என்பது இருக்கும்.

நம் பை முதல் வகை. கடை கேட்டது 100 டாலர். அதை ரூபாயாக்கும் வேலை இப்போது கடையின் கையில் இல்லை; விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு நிறுவனத்திடம் போய்விட்டது. அந்த நிறுவனங்களுக்கென்று தினசரி விகிதம் உண்டு. இதில் நாளும் முக்கியம். ‘வாங்கு’ பொத்தானை அழுத்தியவுடன் நடப்பது அனுமதி மட்டுமே. வங்கி அந்தத் தொகையை நிறுத்திவைக்கிறது. கடை பையை அனுப்பி, பணத்தைக் கோரி, அது கணக்கில் ஏற ஓரிரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம். கணக்கு முடியும் நாளின் விகிதம்தான் பல நேரங்களில் பொருந்தும். அன்று டாலருக்கு ₹85.30 என்றால் தொகை ₹8,530 ஆகிவிடும். கூடிய 382 ரூபாயில் இதன் பங்கு 30 ரூபாய்தான்.

பெரும்பகுதி வங்கியிடமிருந்து வருகிறது. வெளிநாட்டு நாணயத்தில் செலவு செய்தால் இந்திய வங்கிகள் ‘மார்க்-அப்’ என்ற கட்டணத்தைச் சேர்க்கின்றன. பல கிரெடிட் கார்டுகளில் இது 3.5 விழுக்காடு, சிலவற்றில் 2, ஒரு சிலவற்றில் அறவே கிடையாது. 8,530-க்கு 3.5 விழுக்காடு என்றால் ₹298.55. இந்தக் கட்டணத்தின் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி ₹53.74. எல்லாம் சேர்ந்தால் ₹8,882. கடையின் திரைக்கு இந்தக் கட்டணத்தைப் பற்றித் தெரிய வழியே இல்லை. வாங்குகிறவர் எந்த வங்கியின் எந்தக் கார்டை நீட்டப்போகிறார் என்று அதற்குத் தெரியாது.

இனி இரண்டாவது வகை. ஷாப்பிஃபை போன்ற தளங்களில் இயங்கும் கடைகள் வாங்குகிறவரின் நாணயத்திலேயே வசூலிக்க முடியும். அங்கே விகிதத்தைத் தீர்மானிப்பது கடையின் பக்கம். நாணய மாற்றுக்குத் தளம் எடுக்கும் கட்டணத்தை விலையிலேயே கலந்துவிடுவார்கள். பிறகு எண்ணை அழகுபடுத்துவார்கள். 8,500-உடன் 2 விழுக்காடு சேர்ந்து 8,670 ஆகி, அது ₹8,699 என்று முடிவது இப்படித்தான். திரையில் பார்த்த தொகையே கார்டிலும் ஏறும் என்பது இதன் நன்மை. ஆனால் கடை வெளிநாட்டில் இருப்பதால், ரூபாயில் செலுத்தினாலும் 1 விழுக்காடு அளவுக்குக் கட்டணம் போடும் வங்கிகள் உண்டு. ஜிஎஸ்டியோடு அது ₹103 வந்தால்கூட மொத்தம் ₹8,802-இல் நிற்கிறது. டாலரில் செலுத்தியதைவிட 80 ரூபாய் குறைவு.

ரூபாய் என்றாலே லாபம் என்று இதை வைத்து முடிவுகட்டக் கூடாது. விலையை டாலரில் காட்டிவிட்டு, பணம் செலுத்தும் இடத்தில் மட்டும் “ரூபாயிலேயே செலுத்துகிறீர்களா?” என்று சில கடைகள் கேட்கும். பெரும்பாலும் அந்த விருப்பமே முன்கூட்டித் தேர்வாகியிருக்கும். அங்கே மாற்றிக் கொடுப்பது பணப் பரிவர்த்தனை நிறுவனம். அதன் லாபம் விகிதத்துக்குள் ஒளிந்திருக்கும். நம் பைக்கு அங்கே ₹9,010 கேட்டால், சந்தை விகிதத்தைவிட 6 விழுக்காடு கூடுதல். அதன் மேல் வங்கியின் 1 விழுக்காடும் விழலாம்.

எது மேல் என்பதை அறிய ஒரு வகுத்தல் போதும். ரூபாய்த் தொகையை டாலர் தொகையால் வகுத்தால் கடை போடும் விகிதம் கிடைக்கும்: ஓர் இடத்தில் 86.99, இன்னோர் இடத்தில் 90.10. விசாவும் மாஸ்டர்கார்டும் தத்தம் இணையதளங்களில் நாணய மாற்றுக் கணக்கியை வைத்திருக்கின்றன. தேதியையும் வங்கிக் கட்டண விழுக்காட்டையும் கொடுத்தால் கார்டின் விகிதம் வரும். ஜிஎஸ்டியையும் சேர்க்க 3.5-க்குப் பதில் 4.13 என்று கொடுக்க வேண்டும். நம் கணக்கில் அது 88.82. இதைவிட 86.99 குறைவு, வங்கியின் 1 விழுக்காட்டைச் சேர்த்து 88.02 ஆனாலும் ரூபாய்தான் நல்லது. 90.10 கேட்ட இடத்தில் டாலரையே தேர்ந்தெடுக்க வேண்டும். மார்க்-அப் இல்லாத கார்டு கையில் இருந்தால் 85.30-தான் விகிதம், இரண்டு இடத்திலும் டாலரே லாபம்.

பையைத் திருப்பி அனுப்ப நேரலாம் என்றால் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். டாலரில் வாங்கியிருந்தால் கடை திருப்பித் தருவதும் அதே 100 டாலர்தான். அன்றைய விகிதம் 84.50 என்றால் கணக்கில் வருவது ₹8,450. பிடித்த மார்க்-அப்பையும் வரியையும் வங்கிகள் பொதுவாகத் திருப்பித் தருவதில்லை. 8,882 கொடுத்தவருக்கு 432 ரூபாய் நஷ்டம். ரூபாயில் வசூலித்த கடையோ அதே ₹8,699-ஐத் திருப்பித் தரும். போவது வங்கியின் 103 ரூபாய் மட்டுமே. அளவு சரியாக இருக்குமா என்று தெரியாத சட்டை, செருப்பு போன்றவற்றுக்கு, விகிதம் சற்றுக் கூடுதலாகவே இருந்தாலும் ரூபாயில் வாங்குவது இதனால்தான் பாதுகாப்பு.