ஆர் மதிப்பு குறைந்தால் போதுமா?

பொடியாக அரைத்த ஒரு படிகப் பொருளின்மேல் எக்ஸ் கதிரையோ நியூட்ரான்களையோ செலுத்தினால், சில கோணங்களில் மட்டும் அவை பலமாகச் சிதறும். கோணத்துக்குக் கோணம் எண்ணி வரைந்தால் வரிசையாகச் சிகரங்கள் எழும். அணுக்கள் எங்கெங்கே உட்கார்ந்திருக்கின்றன என்ற செய்தி அந்தச் சிகரங்களின் உயரத்தில் இருக்கிறது. ஆனால் பொடியில் சிகரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். நெதர்லாந்தின் பெட்டன் ஆய்வு மையத்தில் நியூட்ரான் அளவீடுகளோடு போராடிய ஹியூகோ ரீட்வெல்ட், 1969இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு வழி சொன்னார். சிகரங்களைப் பிரிக்கவே வேண்டாம். ஓர் அமைப்பை ஊகித்து, அது தரக்கூடிய முழு வரைபடத்தையும் கணக்கிட்டு, அளந்ததோடு புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட்டு, வித்தியாசம் குறையும்வரை ஊகத்தைத் திருத்திக்கொண்டே போகலாம்.

மிஞ்சும் வித்தியாசத்தைச் சதவீதமாகச் சொல்வதுதான் Rwp. எண்ணிக்கையில் இயல்பாகவே இருக்கும் ஏற்ற இறக்கத்தால் எவ்வளவு வித்தியாசம் தவிர்க்க முடியாதது என்பதைச் சொல்வது Rexp. முன்னதைப் பின்னதால் வகுத்து வர்க்கப்படுத்தினால் கை-ஸ்கொயர். அது 1க்கு அருகே இருந்தால் நல்லது என்று பாடம். ஆய்வுக்கூடங்களில் இந்தப் பாடத்தை அப்படியே பிடித்துக்கொள்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் ஊகத்தில் 5 சதவீத அளவுக்கு உண்மையான பிழை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 6 நிமிடம் மட்டும் அளந்தால் புள்ளிக்குச் சராசரியாக 100 எண்ணிக்கை. அதன் இயல்பான தடுமாற்றம் வர்க்கமூலமான 10, அதாவது Rexp 10 சதவீதம். இரண்டு பிழைகளும் சேர்ந்தால் Rwp ஏறக்குறைய 11.2, கை-ஸ்கொயர் 1.25. பிரமாதம் என்று தோன்றும். இப்போது அதே மாதிரியைப் 10 மணி நேரம் அளக்கிறோம். புள்ளிக்கு 10,000 எண்ணிக்கை, Rexp 1 சதவீதம். Rwp 5.1 ஆகக் குறைகிறது, கை-ஸ்கொயரோ 26க்குத் தாவுகிறது. ஊகம் ஒன்றேதான். முதல் அளவீட்டில் பிழை இரைச்சலுக்குள் மறைந்திருந்தது. இரண்டாவதில் வெளியே தெரிகிறது. கை-ஸ்கொயர் 26 வந்த அளவீடுதான் அதிகம் நம்பத்தக்கது.

Rwp-ஐக் குறைக்க இன்னொரு குறுக்கு வழியும் தானாகவே அமைந்துவிடும். இரும்பு கலந்த பொருளைச் செம்பு எக்ஸ் கதிரால் அளந்தால், இரும்பு தானே ஒளிர்ந்து பின்னணியை உயர்த்திவிடும். வழவழப்பான பின்னணியைப் பொருத்துவது எளிது. அதுவும் கணக்கில் சேர்வதால் சதவீதம் அழகாகிவிடும். சிகரங்கள் எப்படிப் பொருந்துகின்றன என்பதற்கும் அந்த அழகுக்கும் சம்பந்தமில்லை.

ஆகவே எண்ணைப் பார்க்குமுன் வித்தியாசக் கோட்டைப் பார்க்க வேண்டும். அளந்ததிலிருந்து கணக்கிட்டதைக் கழித்துக் கீழே வரைந்த கோடு அது. ஒரு சிகரத்தடியில் கோடு ஒருபுறம் மேலேறி மறுபுறம் கீழிறங்கினால் சிகரம் இடம் தவறியிருக்கிறது. நடுவில் எழும்பி இருபுறமும் பள்ளம் விழுந்தால் அகலம் தவறு. முழுதாக ஒரு மேடாகவோ குழியாகவோ தெரிந்தால்தான் உயரம் தவறு. அணுக்களை நகர்த்திப் பார்க்க வேண்டியது அப்போதுதான். இதைச் சரிபார்க்க லெ பெயில் முறை உதவும். அதில் அணுக்களே கிடையாது; சிகரங்கள் எந்த உயரத்தையும் எடுத்துக்கொள்ளலாம். அந்தச் சுதந்திரத்தோடும் Rwp 12 என்றால் குற்றம் சிகரங்களின் வடிவத்திலோ அலகுக் கூட்டின் அளவிலோ இருக்கிறது. அது 5 ஆகி, அணுக்களை வைத்த பின் 9க்கு ஏறினால், அமைப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் விடை தவறலாம். 1987இல் 93 கெல்வினில் மீக்கடத்தியாகும் இட்ரியம் பேரியம் செம்பு ஆக்சைடு வந்தபோது இந்தச் சிக்கல் எழுந்தது. எக்ஸ் கதிர் எலெக்ட்ரான்களால் சிதறுவது. பேரியத்தில் 56 எலெக்ட்ரான், ஆக்சிஜனில் 8. கன உலோகங்கள் சரியான இடத்தில் இருந்தால் வரைபடத்தின் பெரும்பகுதி பொருந்திவிடும். ஓர் ஆக்சிஜன் இடம் மாறினாலும் ஆர் மதிப்பு அதிகம் அசையாது. இந்தப் பொருளில் எல்லாரும் அறிய விரும்பியதோ எந்த இடத்தில் ஆக்சிஜன் இல்லை என்பதைத்தான். நியூட்ரானுக்கு ஆக்சிஜன் பேரியத்தைவிடச் சற்றுப் பலமாகவே தெரியும். அமெரிக்காவின் ஆர்கான், பிரான்ஸின் கிரெனோபிள் உட்பட்ட பல இடங்களில் நியூட்ரான் அளவீட்டை ரீட்வெல்ட் முறையில் பொருத்தினார்கள். பேரியம் அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் தளத்தில், ஒரு திசையில் மட்டும் ஆக்சிஜன் செம்போடு சங்கிலியாகக் கோர்த்திருந்தது. குறுக்குத் திசையில் அந்த இடங்கள் காலி.

கணக்கு முடிந்ததும் நான் கடைசியாகப் பார்ப்பது பிணைப்பு நீளங்களை. அந்தச் சங்கிலியில் செம்புக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே ஏறத்தாழ 1.94 ஆங்ஸ்ட்ராம் இருக்க வேண்டும். 1.6 வந்தால் Rwp எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் பொருத்தத்தை நான் ஏற்பதில்லை. அணுவின் அதிர்வைக் குறிக்கும் எண் பூஜ்யத்துக்குக் கீழே போயிருந்தாலும் அப்படித்தான்.