வெளிர்நீலச் சட்டையும் ஒரு சொட்டுத் தண்ணீரும்

மே மாதம். சென்னையில் ஒரு கல்லூரி அரங்கம். இன்டர்ன்ஷிப்புக்குக் கிளம்பும் மாணவர்களிடம் பேச வந்தவர், ஆளெடுக்கும் பிரிவில் பல வருடம் இருந்தவர். மேசைமேல் மூன்று பருத்திச் சட்டைகளை விரித்து, ஒவ்வொன்றிலும் சில சொட்டுத் தண்ணீர் விட்டார். கருநீலத்திலும் வெள்ளையிலும் உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. வெளிர்நீலத்தில் விழுந்த திட்டு கடைசி வரிசைக்கே தெரிந்தது.

காய்ந்த துணியின் இழைகளுக்கு நடுவே இருக்கும் காற்று வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. அங்கே தண்ணீர் புகுந்தால் சிதறல் குறைந்து துணி இருண்டு தெரியும். சாம்பல் நிறமும் வெளிர்நீலமும் இதில்தான் மாட்டிக்கொள்கின்றன. வெள்ளை நனைந்தால் உடம்பு தெரியும், உள்ளே பனியன் வேண்டும். கருநீலத்தில் வியர்வை காய்ந்ததும் வெள்ளையாக உப்புக்கோடு படியும். துவைக்காமல் இரண்டாம் நாள் போடக் கூடாது.

“பனியன் போட்டும் அக்குள் நனையுதே மேடம்?” என்றான் ஒரு மாணவன்.

“கையில்லாத பனியனா தம்பி?”

ஆமாம் என்றான். அந்தப் பனியன் அக்குளைத் தொடுவதே இல்லை. கை வைத்த பருத்திப் பனியன்தான் வியர்வையை முதலில் உறிஞ்சும். குர்தி போடுகிறவர்கள் அக்குள் பக்கம் சற்றுத் தளர்த்தித் தைத்து, உள்ளே பருத்தித் துணியில் ஒரு ஒட்டு வைத்துக்கொள்ளலாம்.

டியோடரன்ட் நாற்றத்தைத்தான் குறைக்கும். வியர்வையைக் குறைப்பது ஆன்டிபெர்ஸ்பிரன்ட். அதிலுள்ள அலுமினிய உப்பு வியர்வைத் துளைகளைத் தற்காலிகமாக அடைக்கிறது. பலரும் குளித்த கையோடு, ஈரத்தின்மேல் பூசிவிட்டு ஓடுகிறார்கள். இரவில், உலர்ந்த தோலில் பூச வேண்டும். அப்போது வியர்வை குறைவு என்பதால் மருந்து கரைந்தோடாமல் உள்ளே நிற்கும். காலையில் குளித்தாலும் பலன் போகாது.

அவர் அதிக நேரம் பேசியது பயணத்தைப் பற்றி. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் வந்து, கிண்டியில் பத்து மணிக்கு நேர்காணல் என்று வைத்துக்கொள்வோம். சட்டையை மடித்துப் பையில் வைத்து, டீ-சர்ட்டில் கிளம்ப வேண்டும். ஒன்பதரைக்குள் அங்கே இருக்க வேண்டும். நடையை நிறுத்தியதும் வியர்வை நிற்காது. உடம்பின் உட்சூடு தணிய நேரமாகும். காற்றில் ஈரம் மிகுந்த சென்னையில் வியர்வை எளிதில் ஆவியாவதும் இல்லை. வந்த வேகத்தில் சட்டை மாற்றினால் அதுவும் நனையும். முகத்தையும் கழுத்தையும் கழுவி, மின்விசிறிக்குக் கீழே கால்மணி நேரம் உட்கார்ந்து, அக்குளைத் துடைத்து, புதுப் பனியன் போட்டு, அதன்பிறகே சட்டை.

குளிர்ந்த அறையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அடிக்கடி சொட்டச் சொட்ட வியர்த்தால், அது துணியால் தீராது. தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும், சிகிச்சை இருக்கிறது என்றார்.

பேச்சு முடிந்ததும் அந்த மாணவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, தன் சாம்பல் நிறச் சட்டையின் கைமடிப்பில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தான்.