நீளமான ஃபார்வர்டைச் சுருக்கிச் சொல்லும்போது

2018 மே மாதம் பழவேற்காட்டில், பிள்ளை பிடிக்க வந்தவர் என்று சந்தேகப்பட்டு ஒருவரைக் கூட்டமாகச் சேர்ந்து அடித்துக் கொன்றார்கள். உடலைப் பாலத்தில் தொங்கவிட்டார்கள். அவர் மனநலம் பாதிக்கப்பட்டுத் திரிந்தவர் என்று அப்போது செய்திகள் வந்தன. அதே வாரம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குப் போன சென்னைக் குடும்பம் ஒன்று வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. அதில் எழுந்த சந்தேகத்தில் 65 வயது மூதாட்டி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். இரண்டு கொலைகளுக்கும் முன்பு வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது ஒரே வதந்தி: வடநாட்டுக் கும்பல் பிள்ளைகளைக் கடத்த வந்திருக்கிறது.

அனுப்பம்பட்டிலிருந்து பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்கள் வரை, இப்படிப்பட்ட தகவலைப் படித்தவரைவிடப் படித்தவர் வாயால் கேட்டவர்களே அதிகம் இருப்பார்கள். “என்னம்மா போட்டிருக்கு?” என்று பாட்டி கேட்கிறார், பேத்தி இரண்டு வரியில் சொல்கிறாள். ஆபத்து அந்த இரண்டு வரியில்தான் இருக்கிறது.

அந்த நாட்களில் சுற்றியவற்றின் சாயலில் ஒன்றை நானே எழுதிக் காட்டுகிறேன்: “அவசரம், அனைவருக்கும் பகிரவும்! பொன்னேரி, பழவேற்காடு பகுதிக்கு 200 பேர் கொண்ட கும்பல் வந்துள்ளது. நேற்று இரண்டு குழந்தைகளைத் தூக்கிச் சென்றனர். போர்வை விற்பவர்கள் போல வருகிறார்கள். காவல்துறையே உறுதி செய்துள்ளது. வீடியோவைப் பாருங்கள்.”

இதை வழக்கமாக எப்படிச் சுருக்குவோம்? “200 பேர் வந்திருக்காங்களாம். நேத்து ரெண்டு பிள்ளைய தூக்கிட்டாங்க. போலீசே சொல்லிட்டாங்க.” முதல் வாக்கியத்தில் இருந்த ‘ஆம்’ அடுத்த இரண்டில் காணாமல் போய்விட்டது. வதந்தியாகத் தொடங்கியது மூன்றாவது வாக்கியத்தில் காவல்துறை அறிவிப்பாக மாறிவிட்டது. பாதியில் வந்து சேர்ந்தவர் காதில் விழுவது அந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான்.

அதனால் ஒவ்வொரு வாக்கியத்திலும் சொன்னது யார் என்பது இருக்க வேண்டும். “யார் எழுதியது என்று இல்லாத ஒரு ஃபார்வர்டு வந்திருக்கிறது. 200 பேர் வந்திருப்பதாக அது சொல்கிறது. இரண்டு குழந்தைகள் கடத்தப்பட்டதாகச் சொல்கிறது. எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று இல்லை. காவல்துறை உறுதி செய்ததாகச் சொல்கிறது. எந்தக் காவல் நிலையம், எந்த அதிகாரி என்று இல்லை. ‘நேற்று’ என்கிறது, தேதி இல்லை.” தகவலில் இருப்பதைப் போலவே, இல்லாததையும் சொல்லிவிட வேண்டும். தேதியில்லாத ‘நேற்று’ ஆண்டுக்கணக்கில் ‘நேற்று’ ஆகவே சுற்றும்.

வினைச்சொல்லையும் கவனியுங்கள். ‘அந்தத் தகவல் எச்சரிக்கிறது’, ‘அம்பலப்படுத்துகிறது’ என்றால் பாதி ஒப்புக்கொண்ட மாதிரி. ‘சொல்கிறது’ என்பது போதும். விசாரிக்காமல் ‘பொய்’ என்று அடித்துச் சொல்வதும் சரியல்ல. அதற்கும் ஆதாரம் வேண்டும். ‘உறுதிப்படவில்லை’ என்பதே நம் கையில் இருக்கும் உண்மை. போர்வைக்காரர் அடையாளத்தையும் சுருக்கத்தில் விட்டுவிடலாம். நாளை அந்தத் தெருவுக்குள் வரும் ஏதோ ஒரு வியாபாரி மேல் அது விழும். ஆள் படமோ கைபேசி எண்ணோ இருந்தால் கட்டாயம் விட்டுவிடுங்கள்.

வீடியோ இருப்பது ஆதாரம் ஆகாது. 2018-இல் பல மாநிலங்களில் பரவிய ஒரு வீடியோவில் பைக்கில் வரும் இருவர் ஒரு குழந்தையைத் தூக்கிச் செல்வார்கள். அது கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திருப்பி விட்டுவிட்டு அறிவிப்புப் பலகை காட்டும் கடைசிப் பகுதியை யாரோ வெட்டியிருந்தார்கள். எனவே “குழந்தையைத் தூக்கும் காட்சி இருக்கிறது; எங்கே, எப்போது எடுத்தது என்று குறிப்பில்லை” என்பதோடு நிறுத்த வேண்டும்.

‘ஃபார்வர்டு’ என்று மேலே போட்டு அப்படியே தள்ளிவிட்டால் தப்பிக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய பதிவைப் பகிர்ந்த வழக்கில் நடிகர் எஸ்.வி.சேகருக்கு முன்ஜாமீன் மறுத்தபோது, அதே 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு செய்தியைப் பகிர்வது அதை ஏற்று ஒப்புக்கொள்வதற்குச் சமம் என்றது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 353-ஆம் பிரிவின்படி, மக்களிடையே பீதியைக் கிளப்பிக் குற்றத்துக்குத் தூண்டக்கூடிய வதந்தியைப் பரப்பினால் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. உண்மை என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, நல்லெண்ணத்தில் சொன்னவருக்கு அதில் விலக்கும் உண்டு. எழுதியவர் யாரென்றே தெரியாத தகவலில் அந்தக் காரணத்தைக் காட்டுவது கடினம். நேர்மையாகச் சுருக்கினால்கூட அதைக் குழுவில் போட வேண்டியதில்லை. கேட்டவரிடம் வாயால் சொன்னால் போதும்.

உண்மையாகவே பிள்ளையைக் காணவில்லை என்றால் 112-க்கோ குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ உடனே அழையுங்கள். தகவல் மட்டும் வந்திருந்தால், வந்த நேரமும் அனுப்பியவர் எண்ணும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் காவல் நிலையத்தில் காட்டி, அப்படி ஏதாவது புகார் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். அங்கே கிடைத்த பதிலை, கேட்ட நாளோடும் நிலையத்தின் பெயரோடும் பாட்டியிடம் சொல்லலாம்.