பால் கடைவாய்ப்பல் போன இடம்

பால் பல் எப்படியும் விழப்போவதுதானே, அதன் இடத்திற்குக் கம்பி எதற்கு என்று சிலர் கேட்கிறீர்கள். கேள்வி நியாயமானதே, எல்லாப் பிள்ளைகளுக்கும் அது வேண்டியதில்லை.

ஏழு வயதுச் சிறுமி ஒருத்திக்குக் கீழ்த்தாடையின் இரண்டாம் பால் கடைவாய்ப்பல் சொத்தையால் பிடுங்கப்பட்டதென்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பின்னால் ஆறு வயதில் முளைத்த நிலையான கடைவாய்ப்பல், தடுப்பில்லாததால் முன்னோக்கிச் சாயும். இடம் பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களிலேயே குறைந்துபோகும். அடியிலிருந்து வரவேண்டிய பல்லோ பத்து, பன்னிரண்டு வயதில்தான் வரும், அப்போது வழியிராது. ஆகவே பின்னாலுள்ள பல்லில் வளையம் ஒன்றை ஒட்டி, அதிலிருந்து கம்பியை வளைத்து முன்னாலுள்ள பால் கடைவாய்ப்பல்வரை நீட்டுகிறார்கள்.

அவள் அண்ணனுக்குப் பத்து வயது. அதே பல்தான் போயிற்று. எக்ஸ்ரேயில் புதுப்பல்லின் வேர் பாதிக்குமேல் வளர்ந்து, மேலே எலும்பு மூடாமலிருந்தால், அது விரைவில் தானே முளைக்கும். அவனுக்குக் கம்பி வீண்செலவு.

கம்பி போட்டபின் பிள்ளையை அழைத்து வராமலிருப்பதே பெரிய தொல்லை. ஒட்டிய சிமெண்ட் கரைந்தால் வளையத்துக்கடியில் உணவு தங்கி, நல்ல பல்லே சொத்தையாகும். விரல் பட்டு வளையம் ஆடினாலோ, புதுப்பல் எட்டிப்பார்த்தாலோ தாமதமின்றி அழைத்து வரவேண்டும்.