வேலை 45%, பணம் 65%: கான்ட்ராக்டர் அனுப்பும் மாத ரிப்போர்ட்டில் என்ன பார்க்க வேண்டும்?

"தம்பி, வேலை சூப்பரா போயிட்டிருக்கு. போட்டோ அனுப்பியிருக்கேன் பாருங்க. வர்ற வாரம் ரூஃப் போடணும், ஒரு நாலு லட்சம் போட்டு விட்டுடுங்க."

சிங்கப்பூரிலோ பெங்களூருவிலோ வேலை பார்த்துக்கொண்டு, திருச்சியில் வீடு கட்டும் பலருக்கு இந்த வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் பழக்கமானதுதான். கூடவே இருபது போட்டோ வரும். கம்பி தெரியும், செங்கல் தெரியும், ஆட்கள் நிற்பதும் தெரியும். ஆனால் வேலை எவ்வளவு முடிந்தது, கொடுத்த பணத்துக்கு அது சரியா என்பது மட்டும் தெரியாது.

இதற்காகத்தான் மாதாந்திர முன்னேற்ற ரிப்போர்ட். பெரிய கட்டுமான நிறுவனங்கள் ஐம்பது பக்கத்துக்குத் தயாரிக்கும். ஒரு வீட்டுக்கு ஐந்து ஸ்லைடு போதும்: சுருக்கம், போட்டோ, பணம், தாமதம், அடுத்த மாத வேலை.

மூன்று எண்கள்

ஒரு உதாரணம். பாலக்கரையில் 1,600 சதுர அடியில் இரண்டு தள வீடு. சதுர அடிக்கு ரூ.2,500 வீதம் மொத்த கான்ட்ராக்ட் ரூ.40 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஜூனில் தொடங்கி மார்ச்சில் முடிக்க வேண்டும், பத்து மாதம். இப்போது நவம்பர் கடைசி. ஆறு மாதம் போய்விட்டது, அதாவது நேரத்தில் 60%. உரிமையாளர் இதுவரை கொடுத்தது ரூ.26 லட்சம், அதாவது பணத்தில் 65%.

"அறுபது பர்சன்ட் முடிஞ்சிருச்சு தம்பி" என்கிறார் கான்ட்ராக்டர். எதை வைத்துச் சொல்கிறார்? பெரும்பாலும் போன நாட்களை வைத்து, அல்லது செலவான பணத்தை வைத்து. இரண்டுமே முடிந்த வேலையின் அளவு இல்லை.

சரியான வழி, தொடக்கத்திலேயே ரூ.40 லட்சத்தைக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்வது. இந்த வீட்டுக்கு இப்படிப் பிரிக்கலாம்: அஸ்திவாரம் முதல் பேஸ்மட்டம் வரை 6 லட்சம். தரைத்தளச் சுவரும் ரூஃபும் 8 லட்சம். முதல் தளச் சுவரும் ரூஃபும் 8 லட்சம். மீதி 18 லட்சம் பூச்சு, எலக்ட்ரிகல், பிளம்பிங், டைல்ஸ், கதவு, பெயின்ட்டுக்கு.

நவம்பர் கடைசியில் முதல் இரண்டு கட்டங்கள் முழுசாக முடிந்துவிட்டன. மூன்றாவதில் சுவர் முடிந்து, ரூஃபுக்கு கம்பி கட்டுகிறார்கள், அதனால் பாதி. 6 + 8 + 4 = 18 லட்சம். ஆக, முடிந்த வேலை 45%தான்.

இப்போது மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: நேரம் 60%, பணம் 65%, வேலை 45%. முதல் ஸ்லைடில் இந்த மூன்றும் இருந்தால் போதும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1967-ல் தன் ஒப்பந்ததாரர்களுக்கு விதிமுறையாக்கிய கணக்கும் அடிப்படையில் இதுதான். செலவான பணத்தைப் பார்க்காதே, செய்த வேலையின் மதிப்பைப் பார்.

அந்த 8 லட்சம் எங்கே?

கொடுத்தது 26, முடிந்தது 18. நடுவில் 8 லட்சம் இருக்கிறது. உடனே ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். சைட்டில் இறக்கிவைத்த கம்பி, சிமென்ட், செங்கல் இருக்கும். அதன் மதிப்பு 2.5 லட்சம் என்றால், பில்லும் போட்டோவும் பணம் பற்றிய ஸ்லைடில் இருக்க வேண்டும். அப்போதும் 5.5 லட்சத்துக்குக் கணக்கு வேண்டும். டைல்ஸுக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கலாம். கான்ட்ராக்டரின் இன்னொரு சைட்டுக்கும் போயிருக்கலாம்.

இது ஏன் முக்கியம்? கான்ட்ராக்டர் நாளைக்கே வேலையை நிறுத்திவிட்டால், மீதி இருக்கும் வேலை 22 லட்சம், உரிமையாளர் கையில் இருப்பது 14 லட்சம். புதிதாக வருபவர் பாதி வேலையை எடுக்க ரேட்டும் கூடத்தான் கேட்பார்.

அபார்ட்மென்ட் வாங்குபவருக்கு இதில் சட்டப் பாதுகாப்பு உண்டு. 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி, வாங்குபவர்களிடம் பெறும் பணத்தில் 70% தனிக் கணக்கில் இருக்க வேண்டும். முடிந்த வேலையின் விகிதத்துக்குத்தான் எடுக்கலாம், அதற்கு இன்ஜினீயர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் மூவரின் சான்று வேண்டும். சொந்த மனையில் கான்ட்ராக்டரை வைத்துக் கட்டும் தனி வீட்டுக்கு இந்த ஏற்பாடு கிடையாது. ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டால்தான் உண்டு.

இன்னொன்று, எக்ஸ்ட்ரா வேலை. "நீங்கதானே லாஃப்ட் கேட்டீங்க" என்ற சண்டை கடைசியில்தான் வரும். ஒவ்வொரு எக்ஸ்ட்ராவும் தொகை, சம்மதம் சொன்ன தேதியோடு தனி வரிசையில் வரட்டும். 40 லட்சத்துக்குள் கலக்கக் கூடாது.

மறையப்போவதைப் படம் எடுங்கள்

வீட்டின் முகப்பை ஒவ்வொரு மாதமும் ஒரே இடத்தில் நின்று எடுத்தால் வளர்ச்சி தெரியும். ஆனால் தரம் தெரிய வேண்டுமென்றால், பிறகு பார்க்கவே முடியாத விஷயங்கள் படத்தில் வேண்டும். கான்கிரீட் ஊற்றியபின் கம்பியை யாரும் பார்க்க முடியாது. பூச்சு பூசியபின் சுவருக்குள் போகும் பைப்பையும் பார்க்க முடியாது.

ரூஃப் கம்பிக்கு மேல் டேப்பை விரித்து வைத்து எடுக்கச் சொல்லுங்கள். டிராயிங்கில் 150 மி.மீ. இடைவெளி என்றால், ஒரு மீட்டரில் ஏறக்குறைய ஏழு கம்பி எண்ண வேண்டும். ஐந்துதான் இருந்தால், கான்கிரீட் போடும் முன்பே நிறுத்தலாம். கம்பிக்கு அடியில் கவர் பிளாக் தெரிகிறதா என்றும் பாருங்கள். கம்பி நேராக சென்ட்ரிங் பலகையில் படுத்திருந்தால், சில வருடங்களில் துருப்பிடித்து சீலிங் உதிரும்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் போட்டோவில், எடுத்த தேதி, இடத் தகவல் அழிந்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே இருக்கும். போன மாதப் படமே திரும்ப வருகிறதா என்பதை அதில் பிடிக்கலாம்.

"மழை சார்" என்றால்?

திருச்சியில் வடகிழக்குப் பருவமழை நேரத்தில் ரூஃப் தள்ளிப்போவது சகஜம். பாலக்கரை மாதிரி நெருக்கமான தெருக்களில் பெரிய லாரி வராமல் எம்-சாண்ட் தாமதமாவதும் நடக்கும். ஆனால் தாமத ஸ்லைடில் "மழை" என்ற ஒரு வார்த்தை போதாது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த வேலை நின்றது, யார் பொறுப்பு என்ற மூன்றும் வேண்டும்.

நவம்பரில் ஒன்பது நாள் மழை என்று வைப்போம். ரூஃப் ஒன்பது நாள் தள்ளியது நியாயம். ஆனால் தரைத்தளத்துக்கு ஏற்கெனவே ரூஃப் இருக்கிறதே? உள்ளே எலக்ட்ரீஷியன் சுவரில் காடி எடுத்து பைப் பதித்திருக்கலாம். அதுவும் நடக்கவில்லை என்றால் காரணம் மழை இல்லை, ஆள் வரவில்லை.

அதே ஸ்லைடில் உரிமையாளரின் தாமதமும் வர வேண்டும். சுவிட்ச் பாயின்ட் எங்கே என்று பத்து நாள் பதில் சொல்லாமல் இருந்தது நீங்களாகவும் இருக்கலாம்.

ஒரு அவசரம் மட்டும் வேண்டாம். விட்ட நாளைப் பிடிக்க முட்டைச் சீக்கிரம் பிரிக்கிறேன் என்று எழுதியிருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஐ.எஸ். 456 விதிப்படி 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்குக் குறைந்தது 7 நாள், அதற்கு மேல் 14 நாள் முட்டு நிற்க வேண்டும்.

இனி "நாலு லட்சம் போட்டு விடுங்க" என்று மெசேஜ் வந்தால், பதில் ஒன்றுதான்: "அண்ணே, ரிப்போர்ட்ட அனுப்புங்க, அந்த 5.5 லட்சம் கணக்கப் பாத்துட்டு போடுறேன்."