தண்டைப் பிடித்து இழுக்கும் விசை எங்கிருந்து வருகிறது?

கிடையாகக் கிடக்கும் இரண்டு இணையான செப்புத் தண்டவாளங்கள். இடைவெளி 40 சென்டிமீட்டர். ஒரு முனையில் அவற்றை 0.5 ஓம் மின்தடை இணைக்கிறது. குறுக்கே வழுக்கிச் செல்ல ஓர் உலோகத் தண்டு. தண்டவாளங்களுக்குச் செங்குத்தாக, மேலிருந்து கீழ்நோக்கி 0.5 டெஸ்லா காந்தப்புலம். தண்டை வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஒரே சீராக இழுக்கிறோம். மற்றப் பகுதிகளின் மின்தடையையும் உராய்வையும் இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

தண்டு நகரும்போது அதற்குள் இருக்கும் எலக்ட்ரான்களும் சேர்ந்தே நகர்கின்றன. காந்தப்புலத்தில் நகரும் மின்னூட்டத்தின் மீது பக்கவாட்டில் ஒரு விசை செயல்படும். அதனால் எலக்ட்ரான்கள் தண்டின் ஒரு முனைக்குத் தள்ளப்படுகின்றன. இரு முனைகளுக்கும் இடையே உண்டாகும் இந்தத் தள்ளுதல்தான் தூண்டப்பட்ட மின்னியக்கு விசை. புலம், நீளம், வேகம் மூன்றையும் பெருக்கினால் கிடைப்பது அதன் அளவு: 0.5 × 0.4 × 5 = 1 வோல்ட். மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் 2 ஆம்பியர்.

இனிதான் முக்கியமான இடம். மின்னோட்டம் பாயும் தண்டு காந்தப்புலத்தில் இருக்கிறது. எனவே அதன் மீது விசை உண்டு. அளவு 0.5 × 2 × 0.4 = 0.4 நியூட்டன். திசை, நாம் இழுப்பதற்கு நேர் எதிர். அது ஏன் எதிராகவே இருக்க வேண்டும்? நகரும் திசையிலேயே தள்ளினால் வேகம் கூடும், மின்னோட்டம் கூடும், விசை மேலும் கூடும். செலவே இல்லாமல் ஆற்றல் பெருகிக்கொண்டே போகும். இயற்கை அதற்கு இடம் தருவதில்லை. 1834இல் லென்ஸ் சொன்ன விதியின் உட்பொருள் இதுதான்.

கணக்கும் இதற்குச் சாட்சி. 0.4 நியூட்டனை எதிர்த்து வினாடிக்கு 5 மீட்டர் இழுக்க நாம் தரும் திறன் 2 வாட். மின்தடையில் வெப்பமாவது 2² × 0.5, அதாவது அதே 2 வாட்.

புலத்தை இரட்டிப்பாக்கினால் எதிர்விசையும் இரட்டிப்பாகும் என்று மாணவர்கள் பலர் எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அது நான்கு மடங்காகும். புலம் முதலில் மின்னோட்டத்தை இரட்டிப்பாக்குகிறது. பிறகு அந்த மின்னோட்டத்தின் மீதான விசையிலும் இன்னொரு முறை நுழைகிறது. இன்னொரு பிழை, சுற்று திறந்திருக்கும்போதும் எதிர்விசை உண்டு என்று நினைப்பது. மின்தடையைக் கழற்றிவிட்டால் 1 வோல்ட் அப்படியே இருக்கும். மின்னோட்டம் இல்லை, தடுக்கும் விசையும் இல்லை.

இழுப்பதை நிறுத்திவிட்டால்? தண்டின் நிறை 100 கிராம் என்போம். வேகம் குறையக் குறைய மின்னோட்டமும் குறையும், தடுக்கும் விசையும் தளரும். அதனால் தண்டு சட்டென்று நிற்காது. 1.25 வினாடியில் வேகம் ஏறத்தாழ 37 விழுக்காடாகும், அடுத்த 1.25 வினாடியில் அதிலும் 37 விழுக்காடு. மொத்தத்தில் அது கடக்கும் தூரம் 6.25 மீட்டர். தொடக்கத்தில் தண்டிடம் இருந்த 1.25 ஜூல் இயக்க ஆற்றல் முழுவதும் மின்தடையைச் சூடாக்கியிருக்கும். இந்தக் கணக்கைச் செய்யும்போது விடையை ஆற்றலைக் கொண்டு ஒருமுறை சரிபாருங்கள். குறி தவறியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.