ஐந்தா, ஆறா, பத்தா?

குடும்பப் புகைப்படங்களையும் திருமண வீடியோக்களையும் பிள்ளைகளின் பாடக் குறிப்புக்களையும் ஓரிடத்திற் சேர்த்து, வீட்டிலுள்ள எல்லாக் கணினிகளிலிருந்தும் பார்க்க உதவும் சிறு பெட்டியை 'நாஸ்' என அழைக்கின்றனர். அதனுள் நான்கு வன்தட்டுகளைச் செருகியதும், இவற்றை எந்த 'றெயிட்' முறையில் இணைப்பது என்ற வினா எழுகின்றது. அதிக கொள்ளளவைக் காட்டும் வரியைத் தெரிந்துவிட்டு அப்பாற் செல்வோரே பலர். நான்கு இடங்களும் நிரம்பிய பின்னர் முறையை மாற்றுவதாயின், பெரும்பாலும் யாவற்றையும் வெளியே எடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க நேரிடும். ஆதலின் முதலிலேயே சிந்தித்தல் நன்று.

ஒரு குடும்பத்தாரை எடுத்துக்கொள்வோம். அவர்களிடம் 4 டெராபைட் தட்டுகள் நான்கு உள்ளன. சேர்ந்துள்ள பொருள் 5 டெராபைட். ஆண்டுதோறும் அரை டெராபைட் கூடுகின்றது. றெயிட் 5 அவர்களுக்கு 12 டெராபைட் இடந்தரும். றெயிட் 6, றெயிட் 10 ஆகிய இரண்டும் 8 டெராபைட்டே தரும். பெட்டியின் திரையில் அது 7.2 அளவில் தோன்றினால் ஏமாற்றமடைய வேண்டியதில்லை. உற்பத்தியாளரும் கணினியும் எண்ணும் முறை வேறு, அவ்வளவே.

றெயிட் 5 எவ்வாறு காக்கின்றது? 7, 4, 9 ஆகிய எண்களை மூன்று தட்டுகளிலும், கூட்டுத்தொகையாகிய 20 ஐ நான்காவதிலும் எழுதியதாகக் கொள்க. எத்தட்டு பழுதுற்றாலும் எஞ்சிய மூன்றையும் கொண்டு இழந்த எண்ணைக் கண்டுவிடலாம். உண்மையான கணக்கு வேறாயினும் தத்துவம் இதுவே. றெயிட் 6 இல் வேறொரு விதியாற் கணித்த இரண்டாவது தொகையும் உண்டு. எனவே எந்த இரண்டு தட்டுகள் போனாலும் பொருள் நிலைக்கும். றெயிட் 10 கணக்கே செய்வதில்லை. தட்டுகளை இரண்டு சோடிகளாக்கி, ஒவ்வொரு சோடியிலும் ஒன்றின் பிரதியை மற்றதில் எழுதுகின்றது.

ஒரு தட்டு பழுதுற்றுப் புதியது இடப்பட்டதும் ஆபத்தான வேளை தொடங்குகின்றது. றெயிட் 5 இல் எஞ்சிய மூன்றையும் முதலிலிருந்து இறுதிவரை, அதாவது 12 டெராபைட்டையும், வாசித்தாக வேண்டும். செக்கனுக்கு 150 மெகாபைட் வேகமிருந்தாலும் ஏழு மணித்தியாலத்திற்கு மேலாகும். இடையில் வீட்டார் படம் பார்த்தால் இன்னும் நீளும். நான்கையும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியிருப்பின் அவை ஒரே வயதின. ஒன்று சென்ற வழியே மற்றொன்றும் செல்லக்கூடும். அப்போது றெயிட் 5 இல் யாவும் போகும். வாசிக்க இயலாத சிறு பகுதி ஒன்று குறுக்கிட்டாலும் அப்பகுதி இழக்கப்படும், அல்லது வேலை நின்றுவிடும். சாதாரண தட்டுகளின் விபரத்தாளில் 12.5 டெராபைட்டுக்கு ஒரு பிழை என்னும் எல்லை காணப்படுவதால், மீளமைப்புப் பாதிக்குப் பாதி தோற்கும் எனச் சிலர் அச்சுறுத்துவர். அது மிகைக்கூற்று. அவ்வெண் உற்பத்தியாளர் உறுதியளிக்கும் எல்லையே. பெரும்பாலான தட்டுகள் அதனினும் செம்மையாகவே நடக்கின்றன.

றெயிட் 10 இல் பழுதுற்ற தட்டின் சோடியை மட்டும் வாசித்தாற் போதும்; மீளமைப்பு விரையும். ஆனால் அந்தச் சோடியே அவ்வேளை பழுதுற்றால் மீட்சியில்லை. நான்கு தட்டுகளில் இரண்டு வீழ்வதற்கு ஆறு வகைகள் உள; நான்கில் றெயிட் 10 பிழைக்கும், இரண்டில் அழியும். றெயிட் 6 ஆறிலும் பிழைக்கும். கொள்ளளவோ ஒன்றே. சிறு எழுத்துவேலைகளில் றெயிட் 10 வேகமானது என்பது மெய். எனினும், செக்கனுக்கு ஏறக்குறைய 110 மெகாபைட்டுக்கு மேற் செல்லாத சாதாரண வீட்டு வலையமைப்பில், படமும் பாட்டும் வைப்போர் அதனை உணரப்போவதில்லை.

இன்னொரு காரணத்தையும் நான் பெரிதாக மதிக்கின்றேன். திரையில் Degraded என்ற சொல்லைக் கண்டு பதறுவோர், பழுதுற்ற தட்டுக்குப் பதிலாக நல்ல தட்டை உருவிவிடுவதுண்டு. றெயிட் 5 உடனே நின்றுவிடும். றெயிட் 10 சோடியைப் பொறுத்தது. றெயிட் 6 அதையும் தாங்கும். எதுவாயினும், திரை காட்டும் தொடரிலக்கத்தைத் தட்டின் முகத்திலுள்ள இலக்கத்தோடு ஒப்பிடாமல் கைவைத்தலாகாது. பெட்டியை நிறுவும் நாளிலேயே அவ்விலக்கங்களை ஒரு தாளில் எழுதி ஒட்டிவைப்பது உத்தமம். Degraded எனக் கண்டால், புதிய தட்டை இடுமுன் இன்றியமையாதவற்றை வெளித்தட்டொன்றிற் பிரதி செய்க.

நமது குடும்பத்தார்க்கு றெயிட் 6 ஏ பொருந்தும், 7.2 இல் 5 போக எஞ்சிய இடம் நான்கு ஆண்டுகளுக்குக் காணும். 5 டெராபைட்டுக்கும் வேறிடத்தில் முழுப்பிரதி வைத்திருப்போர் றெயிட் 5 ஐத் தயக்கமின்றிக் கொள்ளலாம். அவர்கள் இழக்கக்கூடியது மீளப் பிரதி செய்யும் சில நாட்களே. பிரதியில்லாதோர்க்கோ றெயிட் 6 கூடத் தவறுதலாக அழித்த கோப்பை மீட்டுத் தராது. நான்கு தட்டுகளிலிருந்தும் அது ஒரே கணத்தில் மறைந்துவிடும்.